குளியலறைப் புதுப்பிப்பு: 24 நாள் என்ற வேலை 61 நாள் ஆனது. ஒப்பந்தக்காரரைப் பற்றி என் மதிப்பீடு

ஈரச்சுவர்

மாடியில் இருக்கும் குளியலறையை முழுக்க இடித்துப் புதிதாகச் செய்தோம். கீழ் அறையின் கூரையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரம் படர்ந்து பூச்சு உதிர ஆரம்பித்துவிட்டது, அதனால்தான். அறை சின்னது, 2.4 மீட்டருக்கு 1.5 மீட்டர். வேலை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. கோபம் கொஞ்சம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஒப்பந்தக்காரரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நாள் கணக்கு. 24 நாளில் முடித்துத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். ஆனது 61 நாள். தினமும் யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். இடிப்பு 3 நாளில் முடிந்தது. அதற்கப்புறம் 9 நாள் ஒருவரும் வரவில்லை. குழாய்க்காரர் வேறு ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டாராம். பிறகு குழாய் வேலை 4 நாள், பூச்சு 3 நாள், பூச்சுக்குத் தண்ணீர் விட்டது 7 நாள். வாட்டர்புரூஃப் பூச்சு 2 நாள், அது காய 3 நாள், தண்ணீர் தேக்கிப் பார்த்தது 2 நாள். அந்தச் சோதனையில் கசிந்துவிட்டது. சரிசெய்து மறுபடி சோதிக்க 6 நாள். டைல்ஸ் 7 நாள் ஓடியது, நடுவில் டைல் தீர்ந்துபோய் 9 நாள் நின்றது. மீதி டைலும் இணைப்புப் பூச்சும் 3 நாள், குழாய் முனைகள், கழிப்பறைப் பீங்கான் எல்லாம் மாட்ட 2 நாள், கழுவ ஒரு நாள்.

வேலையின் தரத்தில் நல்லதையும் சொல்ல வேண்டும். சுவருக்குள் போகும் குழாய்களை மூடுவதற்கு முன் கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, இரண்டு மணி நேரம் முள் இறங்காமல் நிற்பதை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். தரையின் வாட்டம் அருமை. ஒரு வாளித் தண்ணீரை எங்கே கொட்டினாலும் தானாக ஓடிவந்து ஓட்டையில் இறங்குகிறது, கால் நனைய எங்கும் நிற்பதில்லை. டைல் வரிசையும் நேர்.

ஆனால் சுவரை நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். 13 டைல்கள் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் தருகின்றன. அதில் 9 ஷவர் பக்கத்தில், கீழிருந்து முதல் இரண்டு வரிசையில்.

செலவைத் தொகையாகச் சொல்லாமல் ஒப்பந்தம் 100 என்று வைத்துச் சொல்கிறேன். கடைசிப் பில் 128. கூடுதல் 28-இல், தளத்துக்குள் போன பழைய கழிவுக் குழாய் வெடித்திருந்ததை மாற்றியதற்கு 9. இடிபாடுகளை வண்டியில் ஏற்றி அகற்ற 8. வாட்டர்புரூஃப் மறுபடி செய்ததற்கு 6. டைல் ஒட்டுகூலி அளவு கூடியதாகச் சொல்லி 5. குழாய்க்கு மட்டும்தான் முன்கூட்டியே கேட்டார், உடைந்த இடத்தையும் காட்டினார். மற்ற மூன்றும் பில்லில்தான் எனக்குத் தெரிந்தது.

சுத்தம் செய்தது பற்றித் தனியாக எழுதுகிறேன், அது ஒரு பெரிய கதை. கடைசித் தவணை 10 பங்கு இன்னும் என் கையில் இருக்கிறது. கொடுப்பதா, அந்த டைல்களை மாற்றச் சொல்வதா என்று தெரியவில்லை.

நாலுமாதம்

61 நாளில் ஒரு வீட்டையே முடித்திருக்கிறார் என்றால் அவர் கெட்டிக்காரர்தான். எங்கள் வீட்டில் சமையலறை, இரண்டு படுக்கையறை, பெயின்ட் எல்லாம் சேர்த்து நாலு மாதம் இழுத்தார்கள். அலமாரிக் கதவுகள் வந்தபோது கைப்பிடி வரவில்லை, கைப்பிடி வந்தபோது ஆசாரி வரவில்லை. வீட்டிலேயே தங்கிக்கொண்டு வேலை செய்ததில் அம்மாவுக்குத் தூசியில் இருமல் வந்து, அவரை அக்கா வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாகிவிட்டது. நீங்கள் எந்தப் பெயின்ட் அடித்தீர்கள்?

ஈரச்சுவர்

வீடு முழுக்க இல்லைங்க, ஒரே ஒரு குளியலறை. பெயின்ட் வேலையே கிடையாது. அம்மா இப்போது நலமா?

தூக்குக்குண்டு

கட்டட மேற்பார்வையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். உங்கள் நோட்டுக் கணக்கு நன்றாக இருக்கிறது, அதையே கூட்டிப் பாருங்கள். ஆள் இறங்கி வேலை செய்த நாட்கள்: இடிப்பு 3, குழாய் 4, பூச்சு 3, வாட்டர்புரூஃப் 2, டைல்ஸ் 7, மீதி 3, மாட்டியது 2, கழுவியது 1. மொத்தம் 25. அவர் சொன்னது 24. அவர் பொய் சொல்லவில்லை, கைவேலை நாளை மட்டும் எண்ணிச் சொல்லியிருக்கிறார். பூச்சு நனைந்திருக்க வேண்டிய 7 நாள், கோட்டிங் காய 3 நாள், தேக்கிப் பார்க்க 2 நாள், இந்த 12 நாளும் அவர் தாளில் இல்லவே இல்லை. ஆகவே ஒரு தவறும் நடக்காமல் இருந்தால்கூட உங்கள் வேலை 37 நாள்.

இது தெரியாமல் வீட்டுக்காரர் 24-ஆம் நாளிலிருந்து நெருக்க ஆரம்பிப்பார். நெருக்கினால் முதலில் சுருங்குவது அந்தக் காயும் நாட்கள்தான். ஈரம் போகாத பூச்சு மேல் கோட்டிங், காயாத கோட்டிங் மேல் டைல். உங்கள் ஆள் அதைச் சுருக்கவில்லை, அது அவருக்கு ஒரு நல்ல மதிப்பெண்.

மீதி 24 நாளுக்குத்தான் காரணம் கேட்க வேண்டும். குழாய்க்காரர் வராத 9 நாள் முழுக்க அவர் பொறுப்பு. இடிப்பதற்கு முன்பே அடுத்த ஆளின் தேதியை வாங்கியிருக்க வேண்டும். இடித்துப் போட்டுவிட்டால் வீட்டுக்காரர் எங்கும் போக முடியாது என்ற தைரியம் இந்தத் தொழிலில் பலருக்கு இருக்கிறது, அதை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. கசிவுக்கான 6 நாள், டைல் தீர்ந்த 9 நாள், இரண்டையும் விவரமாகச் சொல்லுங்கள். தண்ணீர் எவ்வளவு இறங்கியது? டைல் எண்ணிக்கை யார் கொடுத்தது?

ஈரச்சுவர்

கூட்டிப் பார்த்ததும் எனக்கே வேறு மாதிரி தெரிகிறது, நன்றி ஐயா.

தண்ணீர்: தரை ஓட்டையைத் துணி சுற்றிய கட்டையால் அடைத்து, ஆழமான இடத்தில் சுமார் 40 மி.மீ. நிற்கிற மாதிரி நிரப்பினார்கள். சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். 24 மணி நேரம் கழித்து 11 மி.மீ. இறங்கியிருந்தது. கீழே கூரையில் அதே பழைய இடத்தில் புது ஈரம்.

டைல் எண்ணிக்கை அவர் கொடுத்தது. 300-க்கு 600 அளவு, சுவருக்கு 84 டைல். வாங்கியது நான். கடைசியில் போதாமல் இன்னும் 8 வாங்க வேண்டியதாயிற்று. அதே கடையில் அதே மாதிரி இருந்தது, ஆனால் பெட்டியில் தொகுதி எண் வேறு. பக்கத்தில் வைத்தபோது ஒரு நூல் மஞ்சளாகத் தெரிந்தது. அதே தொகுதியைத் தேடி வரவழைக்க 9 நாள்.

மாடிவீடு

11 மி.மீ. என்பது வெயில் காலத்தில் ஆவியாகவே போயிருக்கும். அதை வைத்துக் கசிவு என்று சொல்லிவிட முடியாது. இன்னொன்று, இப்போதெல்லாம் எபாக்ஸி இணைப்புப் பூச்சு போட்டுவிட்டால் தண்ணீர் உள்ளே போகவே போகாது. அடியில் தனியாக வாட்டர்புரூஃப், தேக்கிப் பார்ப்பது எல்லாம் நாளையும் பணத்தையும் வீணாக்குவது. எங்கள் வீட்டில் எபாக்ஸிதான். ஐந்து வருடமாக ஒரு சொட்டு இல்லை.

தூக்குக்குண்டு

ஆவியாகும் என்பது சரி, தம்பி. ஆனால் எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். தேக்கும் அன்றே ஓரம் நேராக இருக்கிற ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அதே அறையில் வைத்துவிடுங்கள். அதிலும் ஒரு கோடு. மறுநாள் பாத்திரத்தில் 2 மி.மீ. இறங்கித் தரையில் 11 இறங்கியிருந்தால் மீதி 9 எங்கோ போயிருக்கிறது. மூடிய குளியலறையில் காற்றோட்டம் குறைவு, ஒரு நாளில் 11 மி.மீ. ஆவியாவதை நான் பார்த்ததில்லை. அதோடு கீழே ஈரமும் தெரிந்துவிட்டதே.

எபாக்ஸியும் நல்ல பொருள்தான், கறை பிடிக்காது, தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் சுவரும் தரையும் சேரும் மூலையில் கட்டடம் மயிரிழை அளவாவது அசைந்துகொண்டே இருக்கும், அந்த இடத்தில் எபாக்ஸி விரிசல் விட்டுவிடும். குழாய் சுவரிலிருந்து வெளியே வரும் இடம், தரை ஓட்டையின் விளிம்பு, இங்கெல்லாம் இணைப்புப் பூச்சே இல்லை. தண்ணீர் அந்த வழியாக இறங்கும். டைல் அடியில் இறங்கிய தண்ணீரைத் தடுப்பது கோட்டிங் மட்டும்தான். உங்கள் வீட்டில் அடியில் நல்ல கோட்டிங் இருந்திருக்கலாம், நீங்கள் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஈரச்சுவர், உங்கள் வீட்டில் எங்கே கசிந்தது என்று கண்டுபிடித்தார்களா?

ஈரச்சுவர்

கண்டுபிடித்தார்கள். கழிவுக் குழாய் தளத்தைத் துளைத்துக் கீழே இறங்கும் இடம். குழாயைச் சுற்றி இருந்த இடைவெளியைச் சாதாரண சிமெண்ட் கலவையால் அடைத்திருந்தார்கள். கோட்டிங்கைச் சுரண்டியதும் குழாயைச் சுற்றி ஒரு வளையம் மாதிரி விரிசல், என் நகம் உள்ளே போகிற அகலம். பிறகு அந்தக் கலவையைக் கொத்தி எடுத்து, சுருங்காத கலவை ஊற்றி, குழாயைச் சுற்றி வலைத்துணி வைத்து, மேலே இரண்டு கோட். மூன்று நாள் காயவிட்டு மறுபடி தேக்கினோம். அடுத்த நாள் கோட்டிலிருந்து ஒரு மி.மீ.கூட முழுதாக இறங்கவில்லை. கீழே கூரை காய்ந்தே இருந்தது.

தூக்குக்குண்டு

அப்படியானால் பில்லில் அந்த 6 பங்குக்கு நீங்கள் கடன்பட்டவர் இல்லை. குழாயைச் சுற்றி அடைத்தது அவருடைய ஆள், குழாய் மாற்றிய 9 பங்கில் அதுவும் அடக்கம். சாதாரண சிமெண்ட் கலவை காயும்போது சுருங்கும், வழவழப்பான பிளாஸ்டிக் குழாயைப் பிடிக்காது. இது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தன் தவறைச் சரிசெய்ததற்கு வீட்டுக்காரரிடம் கூலி கேட்கக் கூடாது.

குழாய் மாற்றிய 9 நியாயமானது. தளத்துக்குள் இருக்கும் குழாய் வெடித்திருக்கிறது என்று இடிக்கும் முன் யாருக்கும் தெரியாது. கேட்டுவிட்டுத்தான் செய்திருக்கிறார், காட்டியும் இருக்கிறார். கூடுதல் செலவு இப்படித்தான் வர வேண்டும்.

டைல் ஒட்டுகூலி அளவு எவ்வளவு போட்டிருக்கிறார்?

ஈரச்சுவர்

பில்லைப் பார்த்தேன். சுவர் 18.7 சதுர மீட்டர் என்று இருக்கிறது. தரை தனி. டைல் ஒட்டியது 2.1 மீட்டர் உயரம் வரை. ஜன்னல் அதற்கு மேலே இருக்கிறது, டைலில் படவில்லை. கதவு 75 செ.மீ. அகலம்.

கரணை

நான் டைல் ஒட்டுகிறவன், பதினாறு வருடமாக. இந்த 18.7 எப்படி வந்தது என்று எனக்கு உடனே தெரிகிறது. நாலு சுவரையும் சுற்றி அளந்தால் 7.8 மீட்டர். அதை 2.4-ஆல் பெருக்கினால் 18.72. அதாவது கூரைப் பக்கம் வரை ஒட்டியதாகக் கணக்கு, கதவையும் கழிக்கவில்லை. ஒட்டியது 2.1 வரை என்றால் 16.4 வரும், கதவுக்கு ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே போகும், மிச்சம் 14.8.

அவர்கிட்ட சண்டை போடவே வேண்டாம். அவரே கொடுத்த டைல் எண்ணிக்கையைக் காட்டுங்கள். ஒரு டைல் 0.18 சதுர மீட்டர். 84 டைல் என்றால் 15.1. பிறகு வாங்கிய 8-ஐயும் சேர்த்தாலே 16.6-தான், அதில் வெட்டியும் உடைந்தும் போனது வேறு. வீட்டுக்குள் வந்த டைலை விட ஒட்டிய டைல் எப்படி அதிகமாகும்?

84 என்று சொன்னதும் தப்புதான். 14.8-க்கு 82 டைல் வெறும் கணக்கு. இரண்டே டைல் கூடுதலாக வைத்து யாராவது வேலையைத் தொடங்குவார்களா? ஓட்டை போடும்போதே நாலு உடையும். நான் 10 சதவீதம் கூட்டி 90, 91 என்று சொல்லியிருப்பேன். செங்கல் அடுக்கு மாதிரி பாதி பாதி தள்ளி ஒட்டச் சொன்னீர்களா?

ஈரச்சுவர்

ஆமாம் அண்ணா, அப்படித்தான் ஒட்டச் சொன்னேன். ஆனால் அதைச் சொன்னது 84 வாங்கிய பிறகு.

கரணை

அப்போது அந்த 9 நாளில் கொஞ்சம் உங்களுக்கும் பங்கு உண்டு. பாதி தள்ளி ஒட்டினால் ஒவ்வொரு மாற்று வரிசையிலும் இரண்டு முனையிலும் வெட்டுத்துண்டு விழும். அதை அவர் அன்றைக்கே சொல்லி, இன்னும் ஒரு பெட்டி வாங்குங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அது அவர் குறை. ஆனால் மாற்றியது நீங்கள்.

அந்த வெற்றுச் சத்தத்துக்கு வருவோம். பின்னால் பசையை எப்படி வைத்தார்கள் என்று பார்த்தீர்களா?

ஈரச்சுவர்

பார்த்தேன், அப்போது அது தவறு என்று தெரியாது. சில டைல்களுக்குப் பல் கரணையால் கோடு கோடாக இழுத்து ஒட்டினார்கள். சாயங்காலம் ஆகி அவசரமானால் நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டையாக வைத்து அழுத்திவிட்டார்கள்.

கரணை

அதுதான். ஐந்து உருண்டைக்கு நடுவில் எல்லாம் காற்று. வரிசையைச் சீக்கிரம் நேராக்கலாம், சுவர் மேடு பள்ளமாக இருந்தாலும் மறைத்துவிடலாம், அதனால்தான் அவசரத்தில் எல்லோரும் செய்கிறார்கள். நானும் சின்ன வயதில் செய்திருக்கிறேன். ஒரு வீட்டில் டைல் மாற்றக் கூப்பிட்டார்கள். நான் ஒட்டியதையே நான் பெயர்த்தேன். பின்னால் கறுப்பாகத் தண்ணீர் நின்றது, வாடை அடித்தது. அன்றைக்கு விட்டேன் அந்தப் பழக்கத்தை.

இப்போது வருகிற விட்ரிஃபைடு டைல் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் வெறும் சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது. பசை வேண்டும், அதுவும் முழுப் பரப்பிலும் வேண்டும். ஈரமான இடத்தில் டைலின் பின்பக்கம் கிட்டத்தட்ட முழுக்க, நூற்றுக்கு 95 பங்காவது பசை படிந்திருக்க வேண்டும். சோதனை சுலபம்: ஒட்டிய ஐந்து நிமிடத்துக்குள் ஒரு டைலைப் பெயர்த்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பசை எங்கே படவில்லையோ அது கண்ணில் படும். எந்த ஒட்டுகிறவரும் மறுக்க மாட்டார், நல்லவராக இருந்தால்.

புதுச்சாவி

அடுத்த மாதம் எங்கள் குளியலறையில் வேலை ஆரம்பிக்கப் போகிறோம், அதனால் ஒவ்வொரு வரியையும் குறித்துக்கொள்கிறேன். ஒரு கேள்வி. டொக் டொக் சத்தம் வருகிற இடத்தில் டைலின் ஓரத்தில் ஊசி மாதிரி ஒன்றால் திரவப் பசை செலுத்தி நிரப்பிவிடலாம் என்று எங்கள் ஒப்பந்தக்காரர் சொல்கிறார். அது நடக்குமா?

கரணை

நடக்கும், தரையில். கிடையாக இருப்பதால் பசை பரவும். சுவரில் ஊற்றினால் கீழே இறங்கி ஒரே இடத்தில் நிற்கும், மேலே வெற்றாகவே இருக்கும். தட்டிப் பார்த்தால் சத்தம் குறைந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

ஈரச்சுவர்

சுத்தம் செய்தது பற்றிச் சொல்கிறேன் என்றேன். இதில்தான் எனக்கு இன்னமும் மனது ஆறவில்லை.

இடிபாட்டை மூட்டையாகக் கட்டி வாசலில் அடுக்கினார்கள். 11 நாள் அங்கேயே கிடந்தது. ஒப்பந்தத் தாளில் 'இடித்தல்' என்று மட்டும் இருக்கிறது, 'அகற்றுதல்' என்ற வார்த்தை இல்லை. அதனால்தான் தனியாக 8 பங்கு என்கிறார். நடைக்குப் போட்ட பிளாஸ்டிக் தாள் நாலாம் நாளே கிழிந்தது. அடியில் மணல் புகுந்து, அதன் மேலே மூட்டையை இழுத்ததில் தரையில் கையளவு நீளத்துக்குக் கீறல்கள். டைலை உள்ளேயே தண்ணீர் விடாமல் வெட்டினார்கள். கதவை மூடியும் படுக்கையறைத் துணிகளில் மாவு மாதிரி தூசி.

அதைவிட மோசம், கலவைச் சட்டியைக் கழுவிய தண்ணீரைத் தரை ஓட்டையில் ஊற்றியிருக்கிறார்கள். குளிக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் தண்ணீர் மெதுவாக இறங்கியது. உள்ளே இருக்கும் கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் இரண்டு விரல் கனத்துக்கு சிமெண்ட் கல்லாக இறுகியிருந்தது. கிண்ணத்தைத் தட்டி எடுத்துவிட்டேன், குழாய்க்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியாது.

கடைசி நாள் ஆசிட் ஊற்றித் தேய்த்தார்கள். பளிச்சென்று இருந்தது. ஒரு வாரத்தில் டைல் இணைப்புகள் வெளுத்து, விரலால் தடவினால் பொடி ஒட்டுகிறது. ஷவர் குழாயின் அடியில், ஆசிட் படாத இடத்தில்கூட, பழுப்புப் புள்ளிகள்.

தூக்குக்குண்டு

ஆசிட்டுக்கு சிமெண்ட் கறைக்கும் சிமெண்ட் இணைப்புக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டையும் தின்னும். படாத இடத்தில் புள்ளி வந்தது புகையால். மூடிய அறையில் அந்த ஆவி குரோம் பூச்சையும் இரும்பையும் அரித்துவிடும். குழாய் முனைகளை மாட்டிய பிறகு ஆசிட் பாட்டிலே அறைக்குள் வரக் கூடாது. இணைப்புப் பூச்சு போட்ட அன்றே ஈர ஸ்பாஞ்சால் இரண்டு மூன்று தடவை துடைத்திருந்தால் இந்தத் தேவையே வந்திருக்காது. மீறிக் கறை இருந்தால் இணைப்பு நன்றாக இறுகிய பிறகு, முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டு, சல்ஃபாமிக் மாதிரி மென்மையான அமிலத்தை நீர்த்துப் போட்டு உடனே கழுவலாம்.

பொடியாக உதிரும் இணைப்பைச் சுரண்டிப் புதிதாக நிரப்ப வேண்டும், அது அவர் செலவு. கழிவுக் குழாய்க்கு நீங்கள் செய்ய வேண்டியது: இரண்டு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி, கீழே வெளியே வரும் இடத்தில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். வேகமாக வராமல் இழுத்து இழுத்து வந்தால் உள்ளே படிந்திருக்கிறது. கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். இறுகிய சிமெண்டைக் கரைக்கிறேன் என்று யாராவது மறுபடி ஆசிட் கொண்டுவந்தால் விடாதீர்கள்.

மாடிவீடு

எபாக்ஸி விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். நேற்று எங்கள் ஷவர் மூலையைப் பார்த்தேன். சுவரும் தரையும் சேருகிற இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழை விரிசல் இருக்கிறது. கசிவு இல்லை, அடியில் கோட்டிங் இருக்கும்போல. ஆனாலும் ஆவியாவது பற்றி நான் சொன்னது முழுத் தப்பு இல்லை. எங்கள் மொட்டை மாடியில் ஒரே நாளில் நிறைய இறங்கும்.

தூக்குக்குண்டு

மொட்டை மாடியில் இறங்கும், வெயிலும் காற்றும் இருக்கிறதே. அந்த மூலை விரிசலைச் சுரண்டிவிட்டு சிலிக்கான் வைத்துவிடுங்கள். அசையும் இடத்தில் அசையும் பொருள்தான் நிற்கும்.

ஈரச்சுவர்

நேற்று அவரை வரச் சொல்லிப் பேசினேன். முதலில் டைல் அளவு. 84-ஐயும் 8-ஐயும் எழுதிக் காட்டினேன். இரண்டு நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பில் போட்டது அலுவலகப் பையன், அறை உயரத்தை எடுத்துவிட்டான் என்று சொல்லி 5-ஐ அடித்துவிட்டார். மறு கோட்டிங் 6-உம் போனது, அதில் அவர் வாதாடவே இல்லை. இடிபாடு அகற்றியதில் பாதி, 4 பங்கு கொடுக்க ஒத்துக்கொண்டேன். தாளில் அந்த வார்த்தை இல்லாததை நானும் கவனித்திருக்க வேண்டும். ஆகவே 113.

இணைப்புகளைச் சுரண்டி மறுபடி போடுவதாகச் சொன்னார். இரண்டு வாளி ஊற்றிப் பார்த்தோம், தண்ணீர் நன்றாகவே விழுந்தது. நடைக் கீறலுக்கு வருத்தம் தெரிவித்தார், வேறு எதுவும் சொல்லவில்லை.

டைல் விஷயத்தில்தான் நிற்கிறோம். அவர் சொல்கிறார்: 'அந்த 9 டைலையும் பெயர்த்தால் பின்னால் இருக்கும் கோட்டிங் சேர்ந்து வரும். இப்போது கசியாத இடத்தை நாமே கசிய வைத்த மாதிரி ஆகிவிடும்.' என்னை ஏமாற்றுவதற்காகச் சொல்கிறாரா, உண்மையா?

தூக்குக்குண்டு

உண்மை. அதனால்தான் நானும் இதுவரை மாற்றுங்கள் என்று சொல்லவில்லை. கீழிரண்டு வரிசை என்பது தரைக் கோட்டிங் சுவரில் ஏறி நிற்கும் இடம். அங்கே உளி பட்டால் மூலையே திறந்துவிடும். உங்கள் தேக்குச் சோதனை இரண்டாம் முறை நன்றாக நின்றிருக்கிறது. அதன்பிறகு அதை யாரும் தொடவில்லை. நானாக இருந்தால் விட்டுவிடுவேன். மூலையில் சிலிக்கான் வைத்து, இணைப்பை நல்லதாகப் போட்டு, தாளில் இந்த 9 டைலுக்கு மட்டும் இரண்டு வருட உத்தரவாதம் எழுதி வாங்கிக்கொள்வேன்.

கரணை

ஐயா சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, மன்னிக்கவும். ஷவர் தண்ணீர் தினமும் விழும் சுவர் அது. பின்னால் வெற்றிடம் இருந்தால் தண்ணீர் தேங்கும், கோட்டிங் கசியவிடாமல் தடுத்தாலும் அந்த ஈரம் போக வழியில்லை. நான் பெயர்த்த வீட்டில் அதைத்தான் பார்த்தேன். உத்தரவாதத் தாளை வைத்து என்ன செய்வது?

கோட்டிங் சேதமாகாமல் பெயர்க்க முடியும், பொறுமை வேண்டும். முதலில் நாலு பக்க இணைப்பையும் சுரண்டி எடுக்க வேண்டும், அப்போதுதான் அதிர்வு பக்கத்து டைலுக்குப் போகாது. பிறகு டைலின் நடுவில், வெற்றாக இருக்கும் இடத்தில் குறுக்காக வெட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். ஓரத்திலிருந்து உளியை நெம்பினால்தான் கோட்டிங் கிழியும். அந்த ஐந்து உருண்டை இருக்கும் இடத்தில் கொஞ்சம் பெயரும், அதை ஒட்டுப் போட்டு இரண்டு கோட் கொடுத்து, காயவிட்டு, மறுபடி ஒரு நாள் தேக்கிப் பார்க்க வேண்டும். ஒன்பதுக்கும் சேர்த்து, காயும் நாளோடு, எட்டு நாள் எடுக்கும். அதே தொகுதி டைல் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள்.

ஈரச்சுவர்

எண்ணினேன். முழு டைல் 3, அரை டைல் 4 இருக்கிறது.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறோம். சத்தம் அதிகமாக வருகிற இரண்டு டைலை மட்டும், ஷவருக்கு நேர் கீழே இருப்பவற்றை, கரணை அண்ணா சொன்ன மாதிரி எடுத்துப் பார்ப்பது. பின்னால் ஈரம் இருந்தால் மீதி ஏழுக்கும் அதே தொகுதியைத் தேடி மாற்றுவது. காய்ந்திருந்தால் அந்த இரண்டை மட்டும் ஒட்டி மூடிவிட்டு, ஐயா சொன்ன உத்தரவாதத்தை எழுதி வாங்குவது. இரண்டு வாரக் குளியலில் ஈரம் சேர்ந்திருக்குமா என்பது வேறு கேள்வி, அது எனக்கும் தெரிகிறது. அதுவரை 10 பங்கு என்னிடமே இருக்கும், அவரும் சரி என்றிருக்கிறார். திங்கட்கிழமை காலை ஆள் வருகிறார். இந்த முறை பசை வைக்கும்போது நான் பக்கத்திலேயே நிற்பேன்.

புதுச்சாவி

பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். எங்கள் ஒப்பந்தத் தாளில் இன்று காலை மூன்று வரி சேர்த்தேன்: இடிபாடு அகற்றுதல் உட்பட, காயும் நாட்களும் நாள் கணக்கில் சேர்த்தி, ஒட்டுகூலி ஒட்டிய அளவுக்கு மட்டும். முதல் இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டார். மூன்றாவதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.